டல்லாஸுக்குப் போகும் வேளச்சேரி வாடகைக் கணக்கு

சென்னை வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடி வீடு. உரிமையாளர் குடும்பத்தோடு அமெரிக்காவின் டல்லாஸில் இருக்கிறார். வீட்டைப் பார்த்துக்கொள்வது பக்கத்துத் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். மாத வாடகை 30,000 ரூபாய். அதில் 5 சதவீதம் அவருக்குக் கட்டணம். செப்டம்பரில் உரிமையாளரின் கணக்குக்கு 15,940 ரூபாய் போனது. அக்டோபரில் 9,730 ரூபாய்தான் போயிருக்கிறது. "முப்பதாயிரம் வாடகை வருகிற வீட்டில் பத்தாயிரம்கூட மிஞ்சவில்லையா?" என்று டல்லாஸிலிருந்து வாட்ஸ்அப்பில் கேள்வி வருகிறது.

பலருக்கும் நேர்கிற ஒன்றை விளக்க எடுத்துக்கொண்ட உதாரணக் கணக்கு இது. மாதா மாதம் ஒழுங்காக ஒரு கணக்குத் தாள் போயிருந்தால் அந்தக் கேள்விக்கே இடமிருந்திருக்காது. அக்டோபர் தாள் இப்படி இருக்க வேண்டும்:

முன் இருப்பு: 10,000
அக்டோபர் வாடகை: 30,000
கழிவு, வாடகைதாரர் பிடித்த டிடிஎஸ்: 9,360
கைக்கு வந்தது (5.10): 20,640
அசோசியேஷன் பராமரிப்பு: 3,200
சொத்து வரி, அக்டோபர்–மார்ச்: 4,560
சமையலறைக் குழாய் மாற்றியது: 1,650
நிர்வாகக் கட்டணம்: 1,500
மொத்தச் செலவு: 10,910
என்.ஆர்.ஓ. கணக்குக்கு அனுப்பியது (28.10): 9,730
இறுதி இருப்பு: 10,000

செப்டம்பரைவிட 6,210 ரூபாய் குறைந்ததற்குக் காரணம் தாளிலேயே இருக்கிறது. சொத்து வரியும் குழாய் செலவும் சேர்ந்தால் அதே 6,210. சென்னை மாநகராட்சிக்குச் சொத்து வரியை அரையாண்டுக்கு ஒரு முறை கட்ட வேண்டும். அரையாண்டு தொடங்கியதும் காலத்தோடு கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகையும் உண்டு. இந்த வீட்டுக்கு 4,800 வர வேண்டிய வரி அதனால்தான் 4,560 ஆனது. ஏப்ரலிலும் அக்டோபரிலும் அனுப்பும் தொகை இறங்கும் என்று முதல் தாளிலேயே ஒரு வரி எழுதி வைத்துவிடுவது நல்லது.

தாளில் அதிகம் தவறாக எழுதப்படுவது டிடிஎஸ் வரிதான். உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால், வாடகை எவ்வளவு குறைவானாலும் வாடகைதாரர் வரி பிடித்துவிட்டுத்தான் மீதியைத் தர வேண்டும். உள்நாட்டு உரிமையாளருக்கு உள்ள விலக்கு வரம்பு இங்கே கிடையாது. 30 சதவீத வரியும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 31.2 சதவீதம். 30,000 ரூபாய்க்கு 9,360. வங்கிக்கு வந்ததை மட்டும் பார்த்து "வாடகை 20,640" என்று எழுதிவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அப்படி எழுதினால் 9,360 ரூபாய் கணக்கிலிருந்தே காணாமல் போய்விடும். அது உரிமையாளரின் பணம். அவர் பெயரில் அரசிடம் கட்டப்பட்ட முன்வரி.

அதை விட்டுவிட்டால் எவ்வளவு நஷ்டம் என்று பார்க்கலாம். ஆண்டு வாடகை 3,60,000 ரூபாய். இரண்டு அரையாண்டுச் சொத்து வரி 9,120 போக 3,50,880. இதில் 30 சதவீதத்தை, பில் எதுவும் கேட்காமல், சட்டமே கழிக்க அனுமதிக்கிறது. மிச்சம் சுமார் 2,45,600. இந்தியாவில் வேறு வருமானம் இல்லாதவர் என்றால் இது வரிவிலக்கு வரம்புக்குள் அடங்கிவிடும். ஆண்டு முழுவதும் பிடித்த 1,12,320 ரூபாயையும் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். தாளில் அந்த வரியே இல்லாவிட்டால், இப்படி ஒரு தொகை அரசிடம் கிடப்பதே உரிமையாளருக்குத் தெரியாது.

பிடித்துவிட்டேன் என்று வாடகைதாரர் சொல்வது மட்டும் போதாது. அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் அரசுக்குக் கட்ட வேண்டும், காலாண்டுக்கு ஒரு முறை விவரம் தாக்கல் செய்ய வேண்டும், சான்றும் தர வேண்டும். அந்தத் தொகை உரிமையாளரின் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்பதை வருமான வரித் தளத்தில் பார்க்கலாம். ஏறவில்லை என்றால் ஒன்று பணத்தைக் கட்டவே இல்லை, அல்லது பான் எண்ணைத் தவறாகப் போட்டிருக்கிறார்கள். தவறான பான் எண்ணைத் திருத்திக்கொள்ளலாம். கட்டாத பணத்தை வாடகைதாரர் வீட்டில் இருக்கும்போதே கேட்டு வாங்குவதுதான் எளிது. ஆகவே காலாண்டுக்கு ஒரு முறை, தாளில் எழுதிய டிடிஎஸ்ஸையும் தளத்தில் தெரிவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

இன்னொரு தவறு வெகு இயல்பாக நடப்பது. "சார், கீசர் ரிப்பேருக்கு 2,000 ஆச்சு, அதைக் கழிச்சிட்டு அனுப்பியிருக்கேன்" என்று வாடகைதாரர் சொல்வார். நியாயம்தான். ஆனால் அந்த மாத வாடகை 28,000 என்று எழுதக் கூடாது. வாடகைப் பக்கத்தில் முழு 30,000, செலவுப் பக்கத்தில் கீசருக்கு 2,000, கூடவே மெக்கானிக் தந்த ரசீதின் படம். வரி பிடிப்பதும் முழு வாடகைக்குத்தான். இந்திய வரிக் கணக்கில் ரிப்பேர் செலவைத் தனியாகக் கழிக்க முடியாது. அந்த 30 சதவீதத்துக்குள்ளேயே அதுவும் அடக்கம். 28,000 என்று எழுதினால் வருமானத்தைக் குறைத்துக் காட்டியதாகிவிடும்.

அப்படியானால் குழாய்க்காரர் ரசீதை எதற்குப் பத்திரப்படுத்த வேண்டும்? டல்லாஸ்காரருக்கு அது அவசியம். அமெரிக்காவில் வரி கட்டுகிறவர் இந்திய வாடகையையும் அங்கே காட்ட வேண்டும், அங்கே ரிப்பேர் செலவைத் தனியாகக் கழித்துக்கொள்ளலாம். இங்கே பயன்படாத ரசீது அங்கே பணமாகிறது. ஆண்டுக் கணக்கும் வேறு: இந்தியாவில் ஏப்ரல் முதல் மார்ச் வரை, அமெரிக்காவில் ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஒவ்வொரு வரவுக்கும் செலவுக்கும் தேதி போட்ட பன்னிரண்டு தாள்கள் இருந்தால் எந்த ஆண்டுக்கு வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம். அக்டோபர் வாடகை நவம்பர் 4ஆம் தேதி வந்தால் அது நவம்பர் தாளில், "அக்டோபர் பாக்கி" என்ற குறிப்போடு வர வேண்டும். வராத பணத்தை வந்ததாக எழுதினால் இருப்பு எப்போதும் ஒத்துப்போகாது.

தாளை வாங்கியதும் உரிமையாளர் ஒரே ஒரு கூட்டலைப் போட்டுப் பார்க்கலாம். முன் இருப்போடு கைக்கு வந்ததைக் கூட்டி, செலவையும் அனுப்பியதையும் கழித்தால் இறுதி இருப்பு வர வேண்டும். அதே தொகை அடுத்த மாதத் தாளின் முதல் வரியாக இருக்க வேண்டும். நிர்வாகி கையில் நிற்கும் அந்த 10,000, திடீரென மோட்டார் பழுதானால் டல்லாஸில் விடியும்வரை காத்திருக்காமல் ஆள் கூப்பிடுவதற்கு. அதையும் வாடகைப் பணத்தையும் நிர்வாகி தன் சொந்தச் செலவுக் கணக்கில் கலக்காமல் தனிக் கணக்கில் வைத்துக்கொண்டால், வங்கிப் பதிவேடும் தாளும் தாமாகவே ஒத்துப்போகும்.

இனி அட்வான்ஸ். குடிவந்தபோது வாடகைதாரர் தந்த 90,000 ரூபாய் வருமானம் அல்ல, திருப்பித் தர வேண்டிய பணம். பெரும்பாலும் முதல் மாதமே அது உரிமையாளருக்குப் போய்விடும், பிறகு யாருக்கும் நினைவிருக்காது. இரண்டு ஆண்டு கழித்து வாடகைதாரர் சாவியோடு வந்து நிற்கும்போது நிர்வாகியிடம் இருப்பது 10,000 மட்டும். அதனால் ஒவ்வொரு தாளின் அடியிலும் "அட்வான்ஸ் 90,000, உரிமையாளரிடம் உள்ளது" என்று ஒரு வரி இருக்க வேண்டும். வாடகைதாரர் காலி செய்வதாக எழுதிக் கொடுத்த மாதத்திலிருந்து மீதியை அனுப்பாமல் நிறுத்திவைக்கலாம் என்று உரிமையாளரிடம் முன்பே மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளலாம். இரண்டு மாதம் நிறுத்தினாலும் இந்த வீட்டில் சேர்வது முப்பதாயிரம் போலத்தான். மிச்சம் அறுபதாயிரத்தை உரிமையாளர் தன் என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து அனுப்ப வேண்டியிருக்கும் என்பதையும் அதே மாதத் தாளிலேயே தொகையோடும் தேதியோடும் எழுதிவிட வேண்டும்.