விகிதம் ஒன்று, விதி வேறு

பி.எஸ்சி. கணித விடைத்தாள்களில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு தீர்வு இது. கேள்வி எளியதுதான். n = 2 முதல் முடிவில்லாமல் நீளும்

(-1)^n / (√n + (-1)^n)

என்ற தொடர் ஒருங்குமா, விரியுமா?

மாணவர் நான்கே வரியில் முடித்துவிடுகிறார். n பெரிதாகப் பெரிதாக, √n-க்குப் பக்கத்தில் நிற்கும் அந்த +1 அல்லது -1 ஒரு பொருட்டே இல்லை. ஆகவே இந்தத் தொடரை (-1)^n/√n என்ற தொடரோடு ஒப்பிடலாம். இரண்டின் விகிதம் √n/(√n + (-1)^n). இது 1-ஐ நெருங்குகிறது. (-1)^n/√n ஒருங்கும் என்று லைப்னிட்ஸ் சோதனை சொல்கிறது; எனவே எல்லை ஒப்பீட்டுச் சோதனைப்படி கேட்ட தொடரும் ஒருங்கும்.

விகிதக் கணக்கு சரி. லைப்னிட்ஸ் சோதனையைப் போட்ட விதமும் சரி. முடிவு மட்டும் தவறு. அந்தத் தொடர் விரிகிறது.

கணிதம் படித்துப் பல காலம் ஆனவர்களுக்காக ஒரு வார்த்தை. முடிவில்லாத எண்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகும்போது, கிடைக்கும் கூடுதல் ஏதாவது ஒரு எண்ணில் போய் அமைந்தால் தொடர் ஒருங்குகிறது, அமையாவிட்டால் விரிகிறது. உறுப்புகள் சுழியை நோக்கிச் சுருங்கினால் மட்டும் போதாது. 1 + 1/2 + 1/3 + 1/4 + … என்ற இசைத் தொடரில் உறுப்புகள் சுருங்கிக்கொண்டே போனாலும் கூடுதல் எந்த எல்லையையும் தாண்டிவிடும். கூட்டலும் கழித்தலும் மாறி மாறி வரும் தொடரில் நிலைமை வேறு. உறுப்புகளின் அளவு இடைவிடாமல் இறங்கிச் சுழியை எட்டினால் அது ஒருங்கும். இதுதான் லைப்னிட்ஸ் சோதனை.

மாணவரின் விடையைச் சரிபார்க்க முதலில் கால்குலேட்டரை எடுக்கலாம். n = 2-இல் உறுப்பு 0.414; n = 3-இல் -1.366. அடுத்து 0.333, -0.809, பிறகு 0.290, -0.608. இதிலேயே ஒரு விஷயம் தெரிகிறது. அளவுகள் வரிசையாக இறங்கவில்லை. இரட்டைப்படை n வரும்போது பகுதியில் 1 கூடுகிறது, உறுப்பு சிறுக்கிறது. ஒற்றைப்படை n வரும்போது 1 குறைகிறது, உறுப்பு பருக்கிறது. ஆகவே இந்தத் தொடரின் மேல் லைப்னிட்ஸ் சோதனையை நேரடியாகப் போட முடியாது. மாணவரும் அதைப் போடவில்லை. பக்கத்துத் தொடரின் மேல் போட்டுவிட்டு, முடிவை இங்கே கொண்டுவந்தார்.

இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்த்தால் போக்கு இன்னும் தெளிவாகும். 100, 101 ஆகிய இரண்டு இடங்களின் உறுப்புகள் 0.0909, -0.1105. இரண்டும் சேர்ந்து -0.0196, அதாவது ஏறக்குறைய -1/50. 1000, 1001 ஆகிய இடங்களில் இதே கணக்கு -0.00199, ஏறக்குறைய -1/500. ஒவ்வொரு ஜோடியும் கொஞ்சம் குறை எண்ணை விட்டுவிட்டுப் போகிறது. அந்த மிச்சங்கள் ஜோடிக்கு ஜோடி இசைத் தொடரின் உறுப்புகளைப் போலவே நடக்கின்றன.

ஆனால் எண்களை மட்டும் நம்பி இதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். கூடுதல் -10-க்கு இறங்கச் சுமார் முப்பதாயிரம் உறுப்புகள் தேவை. -20-க்கு இறங்க ஏறக்குறைய 68 கோடி. கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பவர் நாலைந்து இலக்கங்கள் அசையாமல் நிற்பதைப் பார்த்து, தொடர் ஒருங்கிவிட்டதாகவே எழுதிவிடுவார். இங்கே தேவை இயற்கணிதம்.

அதுவும் பள்ளிக்கூட அளவுதான். தொகுதியையும் பகுதியையும் √n - (-1)^n ஆல் பெருக்குங்கள். பகுதி n - 1 ஆகிவிடும். உறுப்பு இரண்டாகப் பிரியும்:

(-1)^n √n/(n - 1) - 1/(n - 1)

முதல் துண்டில் √n/(n - 1) இடைவிடாமல் இறங்கிச் சுழியை எட்டுகிறது. ஆகவே அது லைப்னிட்ஸ் சோதனைப்படி ஒருங்கும். இரண்டாம் துண்டு இசைத் தொடர், அதுவும் கழித்தல் குறியோடு. ஒருங்கும் தொடரிலிருந்து விரியும் தொடரைக் கழித்தால் மிஞ்சுவது விரியத்தான் செய்யும். கூடுதல் மெதுவாக, ஆனால் நிற்காமல், கீழே போய்க்கொண்டே இருக்கிறது.

சரி, பாடப்புத்தகத்தில் இருக்கும் ஒரு சோதனை எப்படிக் கைவிட்டது? சோதனையின் முதல் வரியிலேயே நிபந்தனை இருக்கிறது: இரண்டு தொடர்களிலும் உறுப்புகள் மிகை எண்களாக இருக்க வேண்டும். மாணவர்கள் இதை ஒரு சம்பிரதாயமாக எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குக் காரணமும் உண்டு. பயிற்சிக் கணக்குகள் பெரும்பாலும் மிகை எண்களாகவே வருவதால், அந்த வரியைப் படிக்காமலே பத்துக் கணக்கு சரியாகப் போட்டுவிடலாம்.

நிபந்தனை எங்கே வேலை செய்கிறது என்று தெரிய, நிரூபணத்தைத் திறந்து பார்க்க வேண்டும். விகிதம் 1-ஐ நெருங்குவதால், ஓரிடத்துக்குப் பிறகு அது 3/2-ஐத் தாண்டாது. ஆகவே நம் தொடரின் ஒவ்வொரு உறுப்பும் மற்றதன் உறுப்பில் ஒன்றரை மடங்குக்குள் அடங்கும். மற்றத் தொடரின் கூடுதல் ஓர் எல்லைக்குள் நிற்பதால் இதன் கூடுதலும் ஓர் எல்லைக்குள் நிற்கும். மிகை எண்களைக் கூட்டும்போது கூடுதல் ஏறத்தான் முடியும், இறங்க முடியாது; ஏறிக்கொண்டே போய் ஒரு கூரையைத் தாண்டாத கூடுதல் எங்காவது அமைந்தே தீரும். இதில் குறி மாறும் எண்களைப் போட்டுப் பாருங்கள். குறை எண்ணால் பெருக்கியதும் சமனின்மையின் திசை திரும்பிவிடுகிறது. ‘ஒன்றரை மடங்குக்குள்’ என்பதற்கு அர்த்தம் போய்விடுகிறது. கூடுதலும் ஏறி இறங்குவதால் கூரை இருந்தும் பயனில்லை. நிரூபணத்தின் இரண்டு கால்களும் ஒரே சமயத்தில் உடைகின்றன.

நிரூபணம் உடைந்தால் முடிவும் தவறாகிவிடும் என்று சொல்ல முடியாது. வேறு நிரூபணம் இருக்கலாம் அல்லவா? அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான் எதிர் எடுத்துக்காட்டு வேண்டும். அதைச் செய்வது கடினமல்ல. (-1)^n/√n என்ற ஒருங்கும் தொடரை எடுத்து, ஒவ்வொரு உறுப்போடும் 1/n-ஐச் சேர்த்துவிடுங்கள். புதிய உறுப்பு (-1)^n/√n + 1/n. பழையதால் வகுத்தால் விகிதம் 1 + (-1)^n/√n; இது 1-ஐ நெருங்குகிறது. ஆனால் சேர்த்தது இசைத் தொடர். புதிய தொடர் விரியும். விகிதத்தின் எல்லை அச்சாக 1, ஒன்று ஒருங்குகிறது, மற்றது விரிகிறது. குறி மாறும் உறுப்புகளுக்கு இந்தச் சோதனை பொது விதியாக நிற்காது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

இந்த ஜோடி ஏன் ஏமாற்றுகிறது? விகிதம் 1-ஐ நெருங்குகிறது என்றால், வித்தியாசம் உறுப்போடு ஒப்பிடும்போது அற்பம் என்று மட்டுமே பொருள். 1/√n-க்கு முன்னால் 1/n அற்பம்தான். ஆனால் (-1)^n/√n ஒருங்குவது அதன் உறுப்புகள் சிறியவை என்பதால் அல்ல. குறியை நீக்கிக் கூட்டினால் அது வேகமாக விரிந்துவிடும். வரவும் செலவும் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதால் மட்டுமே தாக்குப்பிடிக்கும் கணக்கு அது. பெரிய தொகைகள் இரண்டு பக்கமும் கழிந்துபோக, எப்போதும் ஒரே பக்கம் விழும் சில்லறைக்கு ஈடு எதுவும் இல்லை. கடைசியில் கணக்கைத் தீர்மானிப்பது அந்தச் சில்லறைதான்.

இந்தத் தவறைச் செய்த மாணவர் வெட்கப்பட வேண்டியதில்லை. பாரிஸில் இருந்த கோஷி, 1821-இல் தன் பாடநூலின் வழியாகத் தொடர்களின் ஒருங்கலுக்கே கறாரான அடித்தளம் போட்டவர். அவர் அதே பத்தாண்டில் பூரியே தொடர்கள் ஒருங்கும் என்று காட்ட முயன்றபோது, உறுப்புகளின் விகிதம் 1-ஐ நெருங்குவதை வைத்து, குறி மாறும் ஒரு தொடரிலிருந்து இன்னொன்றுக்கு முடிவைக் கடத்தினார். 1829-இல், இருபதுகளின் நடுவில் இருந்த டிரிக்லே, பெர்லினில் கிரெல் நடத்திய கணித இதழில் அந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டினார். அவர் காட்டிய ஜோடி (-1)^n/√n என்பதும், அதையே 1 + (-1)^n/√n ஆல் பெருக்கியதும். பெருக்கி விரித்துப் பாருங்கள். மேலே நாம் செய்த ஜோடியேதான். ஓட்டையைக் காட்டியதோடு நிற்காமல், பூரியே தொடர்கள் எந்த நிபந்தனைகளில் ஒருங்கும் என்பதற்குச் சரியான நிரூபணத்தையும் அதே கட்டுரையில் கொடுத்தார்.

குறி மாறினாலே எல்லை ஒப்பீட்டைத் தொடக் கூடாது என்று பொருளல்ல. ஒப்பிட எடுத்த தொடர், குறியை நீக்கிக் கூட்டினாலும் ஒருங்குமானால் பயமில்லை. உதாரணமாக (-1)^n/n². அதன் அருகில் விகிதம் 1-ஐ நெருங்கும்படி எந்தத் தொடர் வந்தாலும், குறிகளை நீக்கிவிட்டு மிகை எண்களாகவே சோதனையைப் போடலாம், முடிவு செல்லும். உறுப்புகள் ஓரிடத்துக்குப் பிறகு ஒரே குறியில் நின்றுவிட்டாலும் சிக்கல் இல்லை. எனவே விடைத்தாளைத் திருத்துபவர் விகிதக் கணக்கைப் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்றே: ஒப்பிட்ட தொடர் குறிகளின் தயவால் ஒருங்குகிறதா, தயவில்லாமலா?

இதைவிடச் சங்கடமான விடைத்தாளும் உண்டு. அதே மாணவருக்கு (-1)^n/(n + (-1)^n) என்ற தொடரைக் கொடுத்தால், அதே முறையில் (-1)^n/n-உடன் ஒப்பிட்டு ‘ஒருங்கும்’ என்று எழுதுவார். இந்த முறை விடை சரி! பிரித்துப் பார்த்தால் மிச்சத் துண்டு -1/(n² - 1); அது தானாகவே ஒருங்கிவிடும். √n-க்குப் பதில் n-இன் p-ஆம் அடுக்கை வைத்தால், மிச்சம் ஏறக்குறைய 1/n^(2p) அளவில் இருக்கும். p ஒன்றில் பாதியைவிடப் பெரிதாக இருக்கும்வரை அது ஒருங்கும்; சரியாகப் பாதியைத் தொட்டதும் விரியும். நம் கேள்வியில் √n, அதாவது p = 1/2, அந்த விளிம்பிலேயே உட்கார்ந்திருக்கிறது. கேள்வி போட்டவர் அதைத் தற்செயலாக எடுத்திருக்க மாட்டார். அவர் p = 1 எடுத்திருந்தால், அந்த நான்கு வரிகளுக்கும் முழு மதிப்பெண் விழுந்திருக்கவும் கூடும்.