நாலு மணிக்கு நடுங்கிய கை

அரசுப் பேருந்து ஓட்டுநர் ஒருவர், ரமலான் மூன்றாம் நோன்பன்று ராத்திரி எனக்கு எழுதிய கடிதம் இது. பெயரை மட்டும் எடுத்துவிட்டேன்.

"டாக்டர் ஐயா, காலை மாத்திரை ரெண்டையும் சஹர்ல சாப்பிட்டுப் போட்டுக்கிட்டேன். சாயங்காலம் நாலு மணிக்கு ஸ்டியரிங் பிடிச்ச கை நடுங்கிச்சு, சட்டை நனைஞ்சு போச்சு, எதிர வர்ற லாரி ரெண்டாத் தெரிஞ்சது. வண்டியை ஓரங்கட்டிட்டேன். கண்டக்டர் தம்பி சர்க்கரைத் தண்ணி கொடுத்தார். நோன்பு முறியுமேன்னு ரெண்டு நிமிஷம் தயங்கித்தான் குடிச்சேன். கால் மணி நேரத்துல மறுபடி வண்டியை எடுத்துட்டேன். விரல்ல குத்திப் பாத்தா நோன்பு போயிடும்னு மெஷினை வீட்டுலயே வெச்சிருந்தேன். மாத்திரையை எப்போ போடட்டும்?"

அவர் போட்டுக்கொண்டவை மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை அபாயமாக இறங்குவது அரிது. சிக்கல் கிளிமிபிரைடில்தான். வயிற்றில் உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லி விரட்டும். ஒரு மாத்திரையின் வேலை ஏறத்தாழ ஒரு நாள் நீடிக்கும். விடியலுக்கு முன் போட்டால், பட்டினிப் பகல் முழுவதும் அது விழித்திருக்கிறது. நோன்பு திறக்க இரண்டு மணி நேரம் இருக்கும்போது அவர் கை நடுங்கியதில் வியப்பில்லை.

அதனால் கிளிமிபிரைடை நோன்பு திறக்கும் வேளைக்கு மாற்றினேன். கஞ்சியும் வடையும் உள்ளே போகும் நேரம்தான் அதற்கு வேலை. அவருக்கு மூன்று மாதச் சராசரி சர்க்கரை நன்றாகவே கட்டுக்குள் இருந்ததால், அளவையும் 2 மில்லிகிராமிலிருந்து 1 ஆகக் குறைத்தேன். மெட்ஃபார்மினில் மாற்றமில்லை, சஹரில் ஒன்று, இரவு ஒன்று. இது அவருக்கான கணக்கு. இன்சுலின் போடுபவருக்கும் சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் கணக்கே வேறு. ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே வாருங்கள் என்று நாங்கள் சொல்வது இதற்காகத்தான், அவர் வரவில்லை.

விரலில் குத்தி ரத்தம் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே மார்க்க அறிஞர்கள் பெரும்பாலோர் கருத்து. எனவே மெஷின் வண்டியில் இருக்கட்டும், ஸ்டியரிங்கில் உட்காருமுன் ஒருமுறை, ஓட்டம் நீண்டால் இரண்டு மணிக்கொருமுறை பாருங்கள் என்றேன். 70-க்குக் கீழே போனாலோ 300-ஐத் தாண்டினாலோ அன்றைய நோன்பை விட்டுவிட வேண்டும். 90-க்குக் கீழே என்றால் வண்டியைத் தொடக்கூடாது.

கடிதத்தில் என்னை அதிகம் பயமுறுத்தியது அந்தக் கால் மணி நேரம். சர்க்கரை ஏறிவிட்டாலும் மூளையின் வேகம் உடனே திரும்பிவிடாது. அளவு இயல்புக்கு வந்து 45 நிமிடம் கழித்தே ஓட்டலாம் என்பது பிரிட்டனில் ஓட்டுநர்களுக்குள்ள விதி. பின்னால் ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நோயாளியும் பயணியும் நோன்பைப் பிறகு நோற்கக் குர்ஆனே இடம் தருகிறது. அதை அவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவருக்கே தெரியும். விட்டுப்போன அந்த ஒரு நோன்பை, பெருநாளுக்குப் பிறகு வார விடுப்பு நாளில் களாவாகப் பிடித்துவிட்டதாக அடுத்த முறை வந்தபோது சொன்னார்.