மேனேஜர் கண்ணில் படாமல் வேலை தேடுவது எப்படி?

சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஏழு வருடமாக வேலை பார்க்கும் டெஸ்ட் லீட் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். இரவு பதினொரு மணி. குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு லிங்க்ட்இனைத் திறக்கிறார். வேறொரு நிறுவனத்தின் ஹெச்.ஆர். போட்ட ஆள் தேடும் பதிவு ஒன்று கண்ணில் படுகிறது. கீழே ஏற்கெனவே இருநூறு பேர் "Interested" என்று எழுதியிருக்கிறார்கள். இவரும் எழுதிவிட்டுப் படுத்துவிடுகிறார்.

மறுநாள் காலை, மீட்டிங் முடிந்ததும் மேனேஜர் தனியாகக் கூப்பிடுகிறார். "என்னம்மா, வேற இடம் பாக்குறியா?"

அந்தக் கமென்ட் மேனேஜரின் முகப்புப் பக்கத்தில், இன்னார் இதில் கருத்து எழுதியிருக்கிறார் என்ற வரியோடு வந்திருந்தது. யாரும் போட்டுக்கொடுக்கவில்லை. லிங்க்ட்இன் வேலை செய்யும் விதமே அதுதான்.

ஐடி துறையில் நோட்டீஸ் பீரியட் பல இடங்களில் 90 நாள். புதிய வேலை கையில் கிடைப்பதற்குள் விஷயம் கசிந்துவிட்டால், அப்ரைசல் நேரத்தில் பெயர் பின்னால் போகலாம்; நல்ல பிராஜெக்ட் வேறொருவருக்குப் போய்விடலாம். அதனால்தான் சத்தமில்லாமல் தேடுகிறார்கள். அதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் லிங்க்ட்இனில் எல்லாவற்றையும் ஒரேயடியாக மறைக்கும் பொத்தான் கிடையாது. விஷயம் வெளியே போகும் வழிகள் பல. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கதவு. சில வழிகளுக்குக் கதவே இல்லை.

கதவு உள்ளவற்றை முதலில் பார்ப்போம். படத்துக்குக் கீழே உள்ள Me என்பதை அழுத்தி, Settings & Privacy சென்று, அதில் Visibility என்ற பகுதியைத் திறக்க வேண்டும். கைபேசியில் படத்தைத் தொட்டால் அதே வழி கிடைக்கும். இந்தப் பகுதி இரண்டு பாகமாக இருக்கும். ஒன்று, உங்கள் புரொஃபைலையும் தொடர்புகளையும் யார் பார்க்கலாம் என்பது. இன்னொன்று, நீங்கள் செய்வதெல்லாம் யாருக்குத் தெரியவேண்டும் என்பது. பெரும்பாலானோர் முதல் பாகத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

நம் டெஸ்ட் லீட் முதலில் தொடவேண்டியது இரண்டாம் பாகத்தில் இருக்கிறது: Share profile updates with your network. இது திறந்திருந்தால், புரொஃபைலில் வேலை விவரத்தை மாற்றும்போது தொடர்பில் உள்ளவர்களுக்கு அறிவிப்பு போகலாம். வேலை தேட இறங்குகிறவர் வழக்கமாகச் செய்யும் முதல் காரியம் புரொஃபைலைப் புதுப்பிப்பதுதான். மூன்று வருடமாகத் தொடாத தலைப்பு வரியை மாற்றுவார், ஆட்டோமேஷன் அனுபவத்தைச் சேர்ப்பார், புதுப் படம் வைப்பார். அதனால் இந்த அறிவிப்பை அணைத்த பிறகே திருத்தத்தில் கைவைக்க வேண்டும். வேலை விவரத்தைத் திருத்தும் பக்கத்திலும் Notify network என்று ஒரு பொத்தான் வரும். அதையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சேமிப்பது நல்லது.

அறிவிப்பு போகாது என்பதற்காக மாற்றம் தெரியாது என்று ஆகிவிடாது. புரொஃபைலுக்கு வந்து பார்ப்பவருக்குப் புது வரிகள் தெரியும். எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாற்றாமல், மூன்று நான்கு வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால் யாருக்கும் உறுத்தாது.

அடுத்தது தொடர்புப் பட்டியல். இதில்தான் அதிகக் குழப்பம். லிங்க்ட்இனில் ஒருவரின் கனெக்‌ஷன் பட்டியலை ஊர் முழுக்கப் பார்க்க முடியாது. அவரோடு நேரடித் தொடர்பில் உள்ளவர்கள்தான் பார்க்கலாம். கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால் அந்த நேரடித் தொடர்பில் இருப்பவர்கள் யார்? நம் டெஸ்ட் லீடுக்கு 640 கனெக்‌ஷன் என்றால், அதில் தொண்ணூறு பேர் இப்போதைய அலுவலகத்துக்காரர்கள். மேனேஜரும் அவர்களில் ஒருவர். மறைக்கவேண்டிய ஆட்களுக்குத்தான் பட்டியல் திறந்து கிடக்கிறது. போதாக்குறைக்கு, லிங்க்ட்இன் தேடலில் "Connections of" என்ற வடிகட்டி உண்டு. அவர் பெயரைப் போட்டு, பக்கத்தில் ரெக்ரூட்டர் என்று தட்டினால், அவரோடு தொடர்பில் உள்ள ரெக்ரூட்டர்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்பார்கள்.

இதை அடைக்க Visibility பகுதியில் Connections என்பதைத் திறந்து அணைத்துவிட வேண்டும். அதன்பின் புரொஃபைலில் எண்ணிக்கை தெரியும், பட்டியல் திறக்காது.

ஆனாலும் ஒரு சந்து மிச்சம் இருக்கிறது. இருவருக்கும் பொதுவாக இருக்கும் தொடர்புகளை எந்தப் பொத்தானாலும் மறைக்க முடியாது. சென்னையில் ஐடிக்கு ஆள் எடுக்கும் ஒரு ரெக்ரூட்டர் ஒரே அலுவலகத்தில் பத்துப் பதினைந்து பேரோடு தொடர்பில் இருப்பது சாதாரணம். மேனேஜரும் அவரோடு தொடர்பில் இருந்தால், நம் டெஸ்ட் லீட் அவரைச் சேர்த்த அடுத்த நிமிடம் மேனேஜர் பார்க்கும் பொதுத் தொடர்புப் பட்டியலில் அந்த ரெக்ரூட்டர் பெயர் வந்துவிடும். ஒரு பெயர் வந்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள். ஒரே மாதத்தில் ஏழெட்டுப் பெயர் வந்தால் கவனிப்பார்கள். உங்கள் திறமைக்கு எண்டார்ஸ்மென்ட் கொடுத்தவர்களின் பெயரும் இப்படித்தான், பட்டியலை மூடினாலும் தெரியும்.

இதற்கு வழி செட்டிங்கில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. ரெக்ரூட்டர் கனெக்‌ஷன் கோரிக்கை அனுப்பினால் உடனே ஏற்றுக்கொள்ளவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. கோரிக்கையை அப்படியே வைத்துவிட்டு, அதிலிருந்தே பதில் எழுதலாம். இன்மெயிலில் வந்தவருக்குத் தொடர்பில் சேராமலே பதில் போடலாம். மின்னஞ்சல் முகவரி கொடுத்துப் பேச்சை அங்கே கொண்டுபோய்விட்டால் லிங்க்ட்இனில் தடயமே இருக்காது. அந்த முகவரி அலுவலகத்துடையதாக இருக்கக்கூடாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் அலுவலக மடிக்கணினியில் திறந்த சொந்த மின்னஞ்சலும் பாதுகாப்பானது அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும்.

பின்தொடர்பவர்கள் விஷயம் இதைவிட எளிது. கனெக்‌ஷனாகச் சேரும் ஒவ்வொருவரும் தானாகவே உங்களைப் பின்தொடர்பவராகவும் ஆகிவிடுகிறார். அதற்கு மேல் யார் வேண்டுமானாலும் வந்து பின்தொடரலாமா, கனெக்‌ஷன்கள் மட்டும்தானா என்பதை Followers என்ற இடத்தில் தீர்மானிக்கலாம். வேலை தேடும் காலத்தில் இரண்டாவதே போதும். அறிமுகமில்லாத யாரோ, சில சமயம் பக்கத்து டீம் ஆளே, உங்கள் நடவடிக்கையைப் பின்தொடர்வதை அது தடுக்கும். நீங்கள் யாரைப் பின்தொடர்கிறீர்கள் என்பதற்கு வேறு கதவு: Members you follow. அதை உங்களுக்கு மட்டும் தெரியும்படி வைத்துக்கொள்ளலாம்.

நிறுவனங்களைப் பின்தொடர்வது வேறு கணக்கு. போட்டி நிறுவனங்கள் ஐந்தை ஒரே இரவில் பின்தொடர்ந்தால், அவை புரொஃபைலின் அடியில் Interests பகுதியில் வந்து உட்காரும். அந்தந்த நிறுவனப் பக்கத்தை நிர்வகிப்பவர்களுக்கும் பின்தொடர்பவர் பெயர் தெரியும். பின்தொடர்வதற்குப் பதில் அந்த நிறுவனத்துக்கு வேலை அறிவிப்பு போட்டுவைத்தால் போதும். அது உங்கள் முகப்பில் எங்கும் தெரியாது.

இனிக் கதவே இல்லாத வழிக்கு வருவோம். மற்றவர் பதிவில் போடும் லைக்கையும் கமென்டையும் மறைக்க லிங்க்ட்இனில் வழி கிடையாது. அந்தப் பதிவை யாரெல்லாம் பார்க்கமுடியுமோ, அவர்களெல்லாம் உங்கள் கமென்டையும் பார்க்கலாம். உங்கள் புரொஃபைலில் Activity என்ற பகுதியில் அது வரிசையாகச் சேர்ந்துகொண்டே போகும். நண்பருக்காக "CFBR" என்று தட்டிவிடும் பழக்கம் நம் ஊரில் எல்லோருக்கும் உண்டு. வேலை இழந்த ஒருவரின் பதிவு இன்னும் பலரைச் சென்றடையட்டும் என்று போடுவது அது. அடிக்கடி போடுகிறவர் இன்னொன்று போட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எதிலும் வாய் திறக்காதவர் திடீரென்று ஆள் எடுக்கும் பதிவுகளில் மட்டும் தோன்றினால்தான் சந்தேகம்.

எழுதிய கமென்டை நீக்கினால் அது Activity பகுதியிலிருந்தும் போய்விடும். ஆனால் அதற்குள் பார்த்தவர் பார்த்ததுதான். அந்த இரவு நம் டெஸ்ட் லீட் செய்திருக்கவேண்டியது, பதிவின் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு Save கொடுப்பது. சேமித்த பதிவுகள் அவர் ஒருவருக்கே தெரியும். மறுநாள் நிதானமாக அந்த ஹெச்.ஆருக்கு நேரடியாகச் செய்தி அனுப்பியிருக்கலாம். இருநூற்றோராவது "Interested"-ஐ விட அந்தத் தனிச் செய்தி படிக்கப்படவும் வாய்ப்பு அதிகம்.

Open to work வசதியிலும் இரண்டு நிலை உண்டு. எல்லோருக்கும் தெரியும்படி வைத்தால் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வரும். அது ஊரறியச் சொல்வது. Recruiters only என்று வைத்தால், கட்டணம் செலுத்தி லிங்க்ட்இன் ரெக்ரூட்டர் வசதி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் தெரியும். உங்கள் இப்போதைய நிறுவனத்தின் ரெக்ரூட்டர்களிடமிருந்து மறைக்க லிங்க்ட்இன் முயலும். முழு உத்தரவாதம் இல்லை என்று அதே இடத்தில் அதுவே சொல்லிவிடுகிறது.

ஏன் உத்தரவாதம் இல்லை? புரொஃபைலில் இப்போதைய வேலை என்று எந்த நிறுவனப் பக்கத்தை இணைத்திருக்கிறீர்களோ அதை வைத்துத்தான் யாரிடம் மறைப்பது என்று லிங்க்ட்இன் முடிவு செய்கிறது. நிறுவனத்தின் பெயரை வெறுமனே தட்டச்சு செய்துவிட்டு, அதன் அதிகாரபூர்வப் பக்கத்தோடு இணைக்காமல் விட்டவருக்கு அந்தப் பாதுகாப்பே இல்லாமல் போகலாம். பெயருக்குப் பக்கத்தில் நிறுவனத்தின் லோகோ வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்; சாம்பல் நிறக் கட்டிடப் படம் இருந்தால் இணைப்பு இல்லை என்று அர்த்தம். இணைப்பு சரியாக இருந்தாலும் ஒரு ஓட்டை உண்டு. உங்கள் நிறுவனத்துக்கு ஆள் பிடித்துத் தரும் வெளி ஏஜென்சிக்காரர் வேறொரு நிறுவனத்தின் ஊழியர். அவருக்கு நீங்கள் தெரிவீர்கள்.

இவ்வளவும் செய்தபின் சோதித்துப் பார்க்கவேண்டும். உங்கள் கணக்கிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியத்தான் செய்யும், அதனால் பயனில்லை. லிங்க்ட்இனில் நேரடித் தொடர்பில் உள்ள, நம்பிக்கையான ஒருவரின் கைபேசியை வாங்கி, உங்கள் புரொஃபைலைத் திறக்கச் சொல்லுங்கள். எண்ணிக்கையைத் தொட்டால் பட்டியல் வருகிறதா? Activity பகுதியில் கடைசியாக என்ன இருக்கிறது? Interests பகுதியில் எந்த நிறுவனம்? இந்த மூன்று கேள்விக்கு ஐந்து நிமிடம் போதும். பழைய அலுவலக நண்பர் ஒருவர் இதற்கு வசதியான ஆள்.

மேனேஜரையே பிளாக் செய்துவிடலாமே என்று சிலருக்குத் தோன்றும். பிளாக் செய்தால் அவருக்கு அறிவிப்பு போகாது. ஆனால் நேற்றுவரை தொடர்பில் இருந்தவர் இன்று தேடினால் கிடைக்கவில்லை என்றால், அதுவே செய்தி. அவர் கொடுத்திருந்த ரெகமெண்டேஷன், எண்டார்ஸ்மென்ட் எல்லாம் அதோடு போய்விடும். அந்த வழி வேண்டாம்.

ஆஃபர் லெட்டர் வந்து, ராஜினாமாவும் கொடுத்தபின் பலரும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். புது நிறுவனத்தின் பெயரைப் புரொஃபைலில் சேர்த்துவிட்டு, Recruiters only நிலையை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அன்றிலிருந்து லிங்க்ட்இன் புது நிறுவனத்திடமிருந்து மட்டும்தான் மறைக்கும். அவரை அங்கே சேர்த்துவிட்ட ஏஜென்சிக்காரரின் திரையில், சேர்ந்த பத்தாம் நாளும் அவர் வேலை தேடிக்கொண்டிருப்பவராகவே தெரிவார். ரிலீவிங் லெட்டர் கைக்கு வந்த அன்றே Open to work நிலையை அணைத்துவிட்டு, அதன்பிறகு புதுப் பதவியைச் சேர்க்கலாம். தொடர்புப் பட்டியலை மறுபடி திறப்பதற்கு அவசரமே இல்லை.