மூன்று வாக்கியங்களில் மட்டாஞ்சேரிப் படகு நிலையம்

நமது திங்கள் இதழுக்கு வரும் கடிதங்களில் அரசாங்கத்தாரும் நிறுவனத்தாரும் அனுப்பும் செய்திக் குறிப்புகளே மிகுதி. இரண்டு பக்கமுள்ள ஒரு குறிப்பை மூன்று வாக்கியச் செய்தியாகச் சுருக்கும் பணியை இளைஞர் சிலர் ஏற்றுக்கொள்ள முன்வந்திருக்கின்றனர். அவர்கள் பொருட்டும், அச்செய்திகளைப் படிக்கும் குடும்பத்தார் பொருட்டும், நம் மட்டாஞ்சேரியிலேயே நிகழ்ந்த ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் முறையை விளக்குகின்றோம்.

2025ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள், கொச்சி நீர் மெட்ரோவின் மட்டாஞ்சேரி, வில்லிங்டன் தீவு நிலையங்களைக் கேரள முதலமைச்சர் பினராயி விஜயன் திறந்து வைத்தார். இத்தகைய விழாவைப் பற்றிய குறிப்புகள் எவ்வாறு தொடங்கும் என்பதை நாம் அறிவோம். முதலில் திறந்து வைத்தவர் பெயர் வரும். அடுத்துத் தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்துரை வழங்கியவர் ஆகியோர் வருவர். அதன்பின் திட்டத்தின் பெருமை வரும். நிலையம் திறக்கப்பட்டது என்னும் செய்தியோ அவற்றினூடே எங்கோ மறைந்து கிடக்கும். குறிப்பை அனுப்புகிறவருக்கு விழா பெரிது. படகேறிப் பிழைப்புக்குச் செல்லும் நம்மவருக்கு நிலையம் பெரிது. ஆகவே சுருக்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: நேற்றுவரை இல்லாத எது இன்று உண்டாயிற்று? அதற்குரிய விடையே முதல் வாக்கியம். அவ்விடையைத் தாங்கி நிற்கும் விவரம் இரண்டாவது. முன்னிருந்த நிலையோடு அதனைப் பொருத்திக் காட்டுவது மூன்றாவது.

இம்முறைப்படி மேற்கண்ட செய்தி பின்வருமாறு அமையும்:

"கொச்சி நீர் மெட்ரோவின் மட்டாஞ்சேரி, வில்லிங்டன் தீவு நிலையங்கள் 2025 அக்டோபர் 11 அன்று திறக்கப்பட்டன. முதலமைச்சர் பினராயி விஜயன் திறந்து வைத்த இவ்விரு நிலையங்களும் சேர்ந்து 38 கோடி ரூபாய்ச் செலவில் கட்டப்பட்டவை. 2023 ஏப்ரலில் தொடங்கப்பெற்ற இப்படகுப் போக்குவரத்தின் நிலையங்கள் இவற்றோடு 12 ஆயின."

இதில் 'சேர்ந்து' என்னும் சொல்லை நேயர்கள் கவனிக்க வேண்டும். இடம் போதவில்லை என்று அதனை நீக்கிவிட்டால் நிலையம் ஒன்றுக்கு 38 கோடி என்றே படிப்பவர் கொள்வர். வேறொரு பொறியும் உண்டு. நீர் மெட்ரோத் திட்டம் முழுமையுறும்போது 38 நிலையங்களும் 78 படகுகளும் இருக்கும் என்பது திட்டத்தின் கணக்கு. செலவும் 38, நிலையமும் 38! அவசரக் கையில் இவ்விரண்டும் இடம் மாறுவது எளிது. அதனினும் கேடானது, அமையப்போகும் 38ஐ அமைந்துவிட்ட 12 இருக்க வேண்டிய இடத்தில் எழுதிவிடுவது. இதற்கு நாம் கைக்கொள்ளும் வழி, சுருக்கத்திலுள்ள எண் ஒவ்வொன்றின் கீழும் கோடிட்டு, மூலத்தில் அதே எண்ணையும், அதனையொட்டி நிற்கும் பெயரையும், வினை இறந்தகாலமா எதிர்காலமா என்பதையும் ஒத்துப்பார்ப்பதாகும்.

மலையாளக் குறிப்பிலிருந்து சுருக்குவோர்க்குத் தனியே ஒரு சொல். 'உத்காடனம்' என்றால் திறப்பு என்று நம் பிள்ளைகள்கூட அறிவர். ஆனால் 'நிர்மாண உத்காடனம்' என்பது கட்டட வேலையின் தொடக்கம். கல் நாட்டியதைத் திறந்ததாக எழுதினால், இல்லாத படகுக்கு ஒருவர் மூட்டையுடன் கரையில் நிற்பார். 'நாடினு சமர்ப்பிச்சு' என்பதை 'தேசத்துக்கு அர்ப்பணித்தார்' என்று உயர்த்தவும் வேண்டா. அங்கே நாடு என்பது பெரும்பாலும் ஊராரையே குறிக்கும். 'திறந்து வைத்தார்' என்பதே போதும்.

குறிப்பு விழாவுக்கு முன்னே எழுதப்பட்டதா, பின்னே எழுதப்பட்டதா என்பதையும் நோக்க வேண்டும். முன்னே வந்ததாயின் 'திறந்து வைப்பார்' என்றிருக்கும். விழா தள்ளிப்போவதும் உண்டாதலால், நடந்ததை உறுதி செய்துகொண்ட பின்னரே 'திறக்கப்பட்டது' என்று எழுதலாம். 'நாளை', 'வரும் சனிக்கிழமை' போன்ற சொற்கள் நாளிதழுக்குப் பொருந்தும். நம் இதழோ அச்சாகி வீடு சேர்வதற்குள் அந்தச் சனிக்கிழமை கடந்திருக்கும். ஆண்டோடு தேதியை எழுதுக.

தலைமை தாங்கியவர் பெயரை விட்டுவிட்டால் வருந்துவாரே என்று நம் அன்பர் ஒருவர் வினவினார். வருந்தக்கூடும், எனினும் மூன்று வாக்கியத்தில் அவருக்கு இடமில்லை. கட்டணமும் படகு புறப்படும் நேரமும் குறிப்பில் இல்லையெனில் அவற்றை ஊகித்து எழுதாமல், நிலையத்துக்கே சென்று விசாரித்து, நான்காவதாக அன்று, தனிச் செய்தியாகவே வெளியிடுவோம்.