பாகத்துக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு?

மன்னார்த் தீவில் வாகனம் வைத்திருப்பவர்களுக்கு உப்புக் காற்றோடு எப்போதும் ஒரு வழக்கு இருக்கும். தள்ளாடிப் பாலத்தைத் தாண்டித் தலைமன்னார் வரை, வீதியின் இரு பக்கமும் கடல் தூரமில்லை. சில்லுகளுக்குள் இருக்கும் பிரேக் பாகங்கள் இங்கு விரைவில் துருப்பிடிக்கின்றன.

பேசாலைப் பக்கம் கணவனைப் போரில் இழந்த ஒரு சகோதரி, சிறிய கார் ஒன்றை வாடகைக்கு ஓடவிட்டுப் பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். பிரேக் பிடித்தால் கார் இடப்பக்கம் இழுக்கிறது என்று அதைக் கராஜில் விட்டார். அவரிடம் கொடுத்த மதிப்பீட்டில் “பிரேக் வேலை 23,300 ரூபாய்” என்ற ஒரே வரிதான் இருந்தது. “மிஸ், இதில எதைப் பார்த்துக் கேக்கிறது?” என்று அதை என்னிடம் நீட்டினார். அவரும் நானும் பார்த்த முறையிலேயே இங்கு எழுதுகிறேன்.

முதலில் ஜொப் காட். வாகனத்தைப் பாரமெடுக்கும்போது கராஜ் எழுதும் அட்டை இது. திகதி, வாகன இலக்கம், ஓடிய கிலோமீற்றர், நீங்கள் சொன்ன குறை ஆகியவை அதில் இருக்க வேண்டும். குறையை நீங்கள் சொன்னபடியே எழுதச் சொல்லுங்கள். “பிரேக் பார்க்கவும்” என்று எழுதினால் எதையும் செய்யலாம். “பிரேக் பிடித்தால் இடப்பக்கம் இழுக்கிறது” என்று எழுதினால், வேலை முடிந்ததும் இழுவை நின்றதா என்று ஓடிப் பார்த்துக் கேட்கலாம்.

இடப்பக்கம் இழுத்தால் பழுது இடப்பக்கத்தில்தான் என்று பலர் நினைக்கிறார்கள். வலது சில்லின் பிரேக் பிடிக்காவிட்டாலும் கார் இடப்பக்கமே போகும். இந்தக் காரில் வலது கலிப்பர் துருவில் இறுகியிருந்தது. கலிப்பர் என்பது பிரேக் பாட்டை அழுத்திப் பிடிக்கும் பகுதி. கழற்றிப் பார்த்துக் கண்டதையும் ஜொப் காட்டில் எழுதுவதே சரியான முறை.

அடுத்தது மதிப்பீடு. “தம்பி, சாமானுக்கு வேற, கூலிக்கு வேறயா எழுதித் தாங்கோ” என்று சகோதரி கேட்டார். மெக்கானிக் மறுக்காமல் எழுதிக் கொடுத்தார்.

பாகங்கள்: முன் பிரேக் பாட் ஒரு செற் 9,500, இரு கலிப்பர்களுக்கும் றப்பர் செற் 3,000, பிரேக் எண்ணெய் 1,800. மொத்தம் 14,300 ரூபாய்.

கூலி: பாட் மாற்ற 2,500, இரு கலிப்பர்களையும் கழற்றித் துப்புரவாக்கிப் பூட்ட 5,000, குழாயிலிருந்து காற்று எடுக்க 1,500. மொத்தம் 9,000 ரூபாய்.

இப்படிப் பிரித்தால்தான் கேள்வி பிறக்கும். பாகத்தின் விலையை உதிரிப்பாகக் கடையில் விசாரிக்கலாம். அசல் பாகமா, வேறு கொம்பனியின் புதுப் பாகமா, பாவித்ததா என்பதைப் பொறுத்து விலை மாறும். ஆகவே அதையும் அந்த வரியிலேயே எழுதுவியுங்கள்.

கூலிக்குக் கடை விலை இல்லை. அது கழற்றிப் பூட்டும் நேரத்துக்கான பணம். ஒரே கழற்றலுக்கு இரண்டு தடவை கூலி போட்டிருக்கிறதா என்பதையே அதில் பார்க்க வேண்டும். கலிப்பரைக் கழற்றித் துப்புரவாக்கும்போது சில்லும் பாட்டும் எப்படியும் வெளியே வந்துவிடும். புதுப் பாட்டை வைத்துப் பூட்டுவதற்குத் தனியாகப் பெரிய வேலை இல்லை. இதைக் கேட்டதும் “சரி அக்கா” என்று அந்த 2,500 ரூபாயை வெட்டினார். கணக்கு 20,800 ஆனது.

காற்று எடுக்கும் 1,500 ரூபாயை நாங்கள் கேள்வி கேட்கவில்லை. கலிப்பரின் றப்பரை மாற்றக் குழாயைக் கழற்ற வேண்டும். அப்போது உள்ளே காற்றுப் போகும். அதை எடுக்காவிட்டால் மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. எல்லாக் கூலியையும் குறைக்கச் சொல்வது நியாயமுமல்ல, உயிருக்குப் பாதுகாப்புமல்ல.

மதிப்பீடு கடைசிப் பில் அல்ல. துருப்பிடித்த ஆணி கழற்றும்போது முறியலாம். அதற்கு மேலதிகச் செலவு வரும். “புதிதாக ஏதும் வேலை வந்தால் தொலைபேசியில் கேட்டபின் செய்யவும்” என்று ஜொப் காட்டில் எழுதுவித்த பிறகே கையெழுத்து வையுங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரும்படியும் அப்போதே சொல்லுங்கள். பழைய பாட் தேய்ந்து தகடு தெரிகிறதா என்று உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம்.

பணம் கட்டும்போது பில்லையும் மதிப்பீட்டையும் வரி வரியாக ஒப்பிட்டுப் பற்றுச்சீட்டை வாங்குங்கள். பொருள் வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில் உள்ளது. அந்தச் சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். முறையிடும்போது ஜொப் காட், மதிப்பீடு, பற்றுச்சீட்டு ஆகிய மூன்றும் கையில் இருக்கட்டும்.