ஒரு பத்தி, நான்கு கட்டம்

அச்சு அகராதியில் ஒரு சொல்லுக்கான பதிவு ஒரே பத்தியாக ஓடும். தலைச்சொல், இலக்கண வகை, பொருள், எடுத்துக்காட்டு எல்லாம் இடத்தை மிச்சப்படுத்த நெருக்கிக் கோக்கப்பட்டிருக்கும். தடித்த எழுத்தையும் அடைப்புக்குறியையும் பார்த்தே வாசகரின் கண் பிரித்துக்கொள்ளும். அதே பத்தி கணினிக்கு வெறும் எழுத்து வரிசைதான். 'வினைச்சொற்களை மட்டும் காட்டு' என்று அதனிடம் கேட்க வேண்டுமானால், பத்தியை முதலில் கட்டம் கட்டமாகப் பிரித்தாக வேண்டும்.

இதற்காகவே எழுதிய ஒரு மாதிரிப் பதிவு:

```
படி¹ (பெ.) 1. ஏறி இறங்குவதற்கான கட்டு. "சபரிமலையில் படிகள் மொத்தம் 18." 2. எட்டு ஆழாக்கு கொண்ட முகத்தல் அளவை. "ஒரு படி அரிசி போடு." 3. நகல்; பிரதி. "மனுவின் இரண்டு படிகளை இணைக்கவும்."
```

நிரலை எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை, அந்த அகராதியின் முன்னுரையையும் சுருக்கக் குறி விளக்கப் பட்டியலையும் படிப்பது. இங்கே அடைப்புக்குறிக்குள் இருப்பது இலக்கண வகை. எல்லா அகராதியிலும் அப்படி இல்லை. 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் அடைப்புக்குறிக்குள் பெரும்பாலும் மேற்கோள் நூலின் பெயர்ச் சுருக்கம்தான் இருக்கும். பிங்கலத்துக்கு 'பிங்.', திவாகரத்துக்கு 'திவா.' என்று வரும். முன்னுரையைப் புரட்டாதவர் பிங்கலத்தை ஓர் இலக்கண வகையாக்கிவிடுவார்!

குறிகள் புரிந்த பிறகு, தலைப்பகுதியைப் பிரிக்க ஒரு வரி போதும்:

```
^(.+?)\s+\((பெ\.?|வி\.?|பெ\.அ\.?|வி\.அ\.?)\)\s+(.+)$
```

முதல் அடைப்பில் தலைச்சொல் விழும், இரண்டாவதில் இலக்கண வகை, மூன்றாவதில் மிச்சம் எல்லாம். அடைப்புக்குறிக்குள் எது இருந்தாலும் ஏற்றுக்கொள் என்று எழுதாமல், நான்கு வகைகளையும் பெயர் சொல்லி எழுதியிருப்பது வேண்டுமென்றேதான். பட்டியலில் இல்லாத குறி வந்தால் அந்தப் பத்தி பொருந்தாமல் வெளியே நிற்கும். தப்பாகப் பிரிந்து உள்ளே ஒளிந்துகொள்வதைவிட அதுவே மேல்.

சிக்கல் அந்த மிச்சத்தில்தான். எண்ணும் புள்ளியும் வரும் இடமெல்லாம் புதுப்பொருள் என்று வெட்டினால், சபரிமலையின் 18 படிகள் பதினெட்டாம் பொருளாகிவிடும். எனவே மேற்கோள் குறிக்குள் இருப்பதை முதலில் தனியே எடுத்து ஓர் அடையாளக் குறியிட்டு வைத்துவிட்டு, பிறகு எண்களைத் தேட வேண்டும். 1, 2, 3 என்று வரிசையாக வருகிறதா என்றும் நிரலைப் பார்க்கச் சொல்லலாம். 1-க்கு அடுத்து 18 வந்தால் அந்தப் பதிவை ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

அரைப்புள்ளி வேறு கதை. 'நகல்; பிரதி' இரண்டும் ஒரே பொருளுக்கான இரு சொற்கள், ஆகவே ஒரே கட்டத்திலேயே இருக்கட்டும்.

பலர் சறுக்குவது அட்டவணையின் வடிவத்தில். சொல்லுக்கு ஒரு வரிசை என்று அமைத்தால் மூன்று எடுத்துக்காட்டுகளும் ஒரே கட்டத்தில் குவிந்து, அரிசி அளக்கும் வாக்கியம் எந்தப் பொருளுக்கு உரியது என்பதே தெரியாமல் போய்விடும். பொருளுக்கு ஒரு வரிசை வேண்டும்:

```
படி¹ | பெ. | 1 | ஏறி இறங்குவதற்கான கட்டு | சபரிமலையில்…
படி¹ | பெ. | 2 | எட்டு ஆழாக்கு கொண்ட…   | ஒரு படி அரிசி…
படி¹ | பெ. | 3 | நகல்; பிரதி              | மனுவின் இரண்டு…
```

பத்தியில் ஒரே முறை வந்த 'பெ.' இங்கே ஒவ்வொரு வரிசையிலும் வருகிறது. தலைச்சொல்லை ஒட்டிய ¹ என்ற சிறு எண்ணையும் தூக்கி எறியக் கூடாது. வாசித்தலைக் குறிக்கும் படி² என்ற வினையை இந்தப் பெயரிலிருந்து பிரித்துக்காட்டுவது அதுதான்.

ஆயிரக்கணக்கான பதிவுகளை வரிவரியாகச் சரிபார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. இலக்கண வகைக் கட்டத்தில் வந்த வெவ்வேறு மதிப்புகளை மட்டும் பட்டியலிட்டால், 'பெ' என்று புள்ளி விட்டுப்போனது சட்டென்று கண்ணில் படும். பிரித்த கட்டங்களை மீண்டும் கோத்து மூலப் பத்தியோடு ஒப்பிட்டால், வழியில் ஏதாவது உதிர்ந்திருக்கிறதா என்பது தெரியும்.

தலைச்சொற்கள் அகர வரிசையில் நிற்கின்றனவா என்பது இன்னொரு நல்ல சோதனை. எடுத்துக்காட்டு வாக்கியத்தின் முதல் சொல் தலைச்சொல்லாக நுழைந்திருந்தால் வரிசை அங்கே உடையும். ஆனால் யூனிகோடு எண்களின் வரிசையை நம்பினால் பொய் எச்சரிக்கைகள் குவியும். யூனிகோடில் ன என்ற எழுத்து ந-வுக்கு அடுத்தே நிற்கிறது, தமிழ் நெடுங்கணக்கிலோ அது கடைசி மெய். அதனால் கணினி 'அன்னம்' என்பதை 'அப்பம்', 'அறிவு' இரண்டுக்கும் முன்னால் வைத்துவிடும். சரியாகவே பிரிந்த பதிவுகளைத் தவறென்று அது காட்டாதிருக்க, ஒப்பிடுவதற்குத் தமிழ் வரிசை விதியை நிரலில் தனியாகக் கொடுக்க வேண்டும்.