ஓவனுக்குப் பிறகுதான் ஆபத்து

பேக்கரி என்றதும் கொதிக்கும் ஓவன்தான் கண்முன் வரும். அத்தனை சூட்டில் எந்தக் கிருமி பிழைக்கும் என்று தோன்றும். வெறும் பன்னைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் சரி. நன்றாக வெந்த பன்னின் நடுப்பகுதி 90 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். மைதாவிலும் முட்டையிலும் இருக்கக்கூடிய சால்மொனெல்லா அதில் செத்துப்போகும். ஆனால் கஸ்டர்ட் வைத்த க்ரீம் பன்னை எடுத்துக்கொண்டால் கதை வேறு. அந்தக் கஸ்டர்ட் ஓவன் பக்கமே போவதில்லை. பன் வெந்து ஆறிய பிறகுதான் அதை உள்ளே வைக்கிறார்கள்.

இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க உதவும் திட்டத்துக்கு ‘ஹாசப்’ என்று பெயர். விண்வெளி வீரர்களுக்கான உணவைத் தயாரிக்க 1960களில் அமெரிக்காவில் உருவான முறை இது. செய்து முடித்த உணவைச் சோதித்தே பாதுகாப்பை உறுதி செய்வதென்றால், சோதனைக்கே பெரும்பகுதி போய்விடும். அதனால் சமைக்கும்போதே ஒவ்வொரு படியையும் கண்காணிப்பது என்று முடிவெடுத்தார்கள்.

பேக்கரி மாஸ்டர் செய்ய வேண்டிய முதல் வேலை, மைதா மூட்டை வந்து இறங்குவது முதல் பன் கண்ணாடி அலமாரிக்குப் போவது வரை எல்லாப் படிகளையும் வரிசையாக எழுதுவது. ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன கெடுதல் வரலாம் என்று குறிக்க வேண்டும். மைதாவில் கிருமி, பழைய சல்லடையிலிருந்து உடைந்து விழும் கம்பி, முந்திரி பிஸ்கட் வைத்த ட்ரேயைக் கழுவாமல் பன்னுக்கு எடுப்பது என்று பட்டியல் நீளும். முந்திரி ஒவ்வாத குழந்தைக்கு அந்த ட்ரேயில் ஒட்டிய தூளே போதும்.

அதன் பிறகு ஒவ்வொரு படியிலும் ஒரு கேள்வி: இங்கே தவறினால், பின்னால் வரும் ஏதாவது ஒரு படி அதைச் சரிசெய்துவிடுமா? மைதாவில் உள்ள கிருமியை ஓவன் பார்த்துக்கொள்ளும். ஆகவே அங்கே கண்காணிக்க வேண்டியது ஓவனைத்தான். கஸ்டர்டை ஆறவைக்கும் படியில் தவறினால் பின்னால் காப்பாற்ற எதுவும் இல்லை. இப்படிப்பட்ட இடத்தைத்தான் முக்கியக் கட்டுப்பாட்டுப் புள்ளி என்கிறார்கள்.

கொதிக்க வைத்த கஸ்டர்டில் என்ன ஆபத்து என்று கேட்கலாம். பாலிலும் சோளமாவிலும் இருக்கக்கூடிய பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநிலையையும் தாங்கும். கஸ்டர்ட் மெதுவாக ஆறும்போது அவை முளைத்துப் பெருகும். அந்த இனத்தில் சில வகைகள் வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கும். மறுபடி கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. வாசனையிலோ ருசியிலோ அது தெரியவும் தெரியாது.

அதனால் ஓர் எல்லை வைக்கிறார்கள். 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும். அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கு வந்துவிட வேண்டும். நம்மூர் பேக்கரிக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. சமையலறையே 33 டிகிரியில் இருக்கும்போது, மேசைமேல் வைத்த கஸ்டர்ட் எத்தனை மணி நேரமானாலும் 21-க்கு வராது. ஆகவே ‘ஆறட்டும்’ என்று விட்டுவிடும் பழக்கத்தைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிட வேண்டும்.

ஒரு நாளைக் கற்பனை செய்துகொள்வோம். பகல் 12 மணிக்குப் பத்து லிட்டர் கஸ்டர்ட் ஆழமான குண்டானோடு ஐஸ் தண்ணீரில் இறக்கப்படுகிறது. அப்போது சூடு 60. ஒரு மணிக்கு நடுவில் தெர்மாமீட்டரைச் செருகினால் 48 காட்டுகிறது. ஓரங்கள் ஆறினாலும் நடுப்பகுதியின் சூடு வெளியேற வழியில்லை. இந்த வேகத்தில் எல்லையைத் தொட முடியாது. உடனே சுத்தமான ட்ரேக்களில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி, ஐஸ் தண்ணீர்மேல் வைத்துக் கிளறுகிறார்கள். 1.50-க்கு 20 டிகிரி. தப்பித்தது. இரண்டு மணிக்கும் 30 காட்டியிருந்தால் மொத்தத்தையும் கொட்டியிருக்க வேண்டும். பத்து லிட்டரைக் கொட்ட மனம் வராதுதான். அதனாலேயே அந்த முடிவைத் திட்டத்தில் முன்கூட்டியே எழுதி வைக்கிறார்கள். அந்த நேரத்தில் வேலையில் இருப்பவர் யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை.

அன்றைய ரிஜிஸ்டரில் 60, 48, 20 என்ற மூன்று அளவுகளும், பார்த்த நேரங்களும், ட்ரேக்கு மாற்றிய விவரமும், பார்த்தவரின் கையெழுத்தும் இருக்க வேண்டும். அந்த 48-ஐ மறைக்கக் கூடாது. குண்டானில் ஆறவைப்பது சரிப்படாது என்று அடுத்த வாரம் வேறொரு மாஸ்டருக்குச் சொல்லப்போவது அந்த எண்தான்.

இப்படிப்பட்ட ரிஜிஸ்டர்களைப் புரட்டினால் உண்மையும் பொய்யும் சீக்கிரம் தெரிந்துவிடும். ஃப்ரிட்ஜ் சூடு ஒரு மாதம் முழுக்க 4, 4, 4 என்று ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதியிருந்தால், அது மாதக் கடைசியில் உட்கார்ந்து நிரப்பியது. அடிக்கடி கதவு திறக்கும் ஃப்ரிட்ஜில் 3, 5, 4 என்று ஏறி இறங்கும்; கரண்ட் போன நாளில் 8 என்றும் இருக்கும். தெர்மாமீட்டரையும் வாரம் ஒருமுறை சோதிக்க வேண்டும். நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த டம்ளரில் வைத்தால் 0 காட்ட வேண்டும். 3 காட்டினால், இந்த வாரம் எழுதிய ஒவ்வொரு அளவையும் மறுபடி பார்த்தாக வேண்டும்.